சூப் கொட்டிய இரவுக்குப் பிறகு ஓட்டல் எழுத வேண்டிய கடிதம்

குடும்பங்கள் நிறைய வரும் ஓட்டல் ஒன்றை நினைத்துக்கொள்வோம். எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஓட்டல்தான். சனிக்கிழமை இரவு எட்டரை மணி தாண்டிவிட்டது. வாசலில் இன்னும் நான்கு குடும்பங்கள் இடத்துக்காகக் காத்திருக்கின்றன. மேசையின் ஓரத்தில், ஆட்கள் நடக்கும் வழியை ஒட்டி ஒரு பேபி சேர் போடப்பட்டிருக்கிறது. அதில் நான்கு வயதுப் பெண் குழந்தை. சர்வர் ட்ரேயில் நான்கு கிண்ணம் ஸ்வீட் கார்ன் சூப் கொண்டுவருகிறார். அப்பா முன்னால் ஒரு கிண்ணத்தை வைக்க, குழந்தையின் தலைக்கு மேலாகக் கையை நீட்டுகிறார். அதே நொடியில் குழந்தை எழுந்து நிற்க முயல்கிறது. ட்ரே சாய்கிறது. ஒரு கிண்ணம் சூப் முழுவதும் குழந்தையின் இடது தோளிலும் கையிலும் இறங்குகிறது.

மறுநாள் மதியம் அப்பாவின் கைபேசிக்கு ஓட்டலிலிருந்து ஒரு செய்தி வருகிறது. இத்தகைய செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை:

“அன்பார்ந்த வாடிக்கையாளரே, நேற்று ஏற்பட்ட எதிர்பாராத அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். வாடிக்கையாளர் நலனே எங்கள் முதல் குறிக்கோள். சம்பந்தப்பட்ட ஊழியர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. அடுத்த வருகையில் தங்கள் குடும்பத்துக்கு இலவச இரவு உணவு வழங்க விரும்புகிறோம்.”

எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் இரவெல்லாம் தூங்காமல் குழந்தையின் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு இந்த நான்கு வரியும் நான்கு அடிகள். குழந்தை என்ற பேச்சே அதில் இல்லை. சூப் என்றோ, சுட்டது என்றோ இல்லை. யார் என்ன செய்தார்கள் என்பதும் இல்லை. குறைந்த சம்பளம் வாங்குகிற ஒரு பொடியன் செய்த குற்றம்போல எல்லாம் ஊழியர் தலையில் இறக்கப்பட்டிருக்கிறது. கடைசியில், எந்த இடத்தின் வாசலைப் பார்த்தாலே குழந்தை அழப் போகிறதோ, அங்கேயே சாப்பிட வரச் சொல்லி ஒரு அழைப்பு.

நல்ல மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டுமானால், அதை எழுதுகிறவர் முதலில் சூட்டுக்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அறுபது டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீர் பெரியவர் தோலை ஆழமாகப் புண்ணாக்க ஏறக்குறைய ஐந்து நொடி எடுக்கும். சிறு குழந்தையின் தோல் மெல்லியது. அதற்கு ஒரு நொடியே போதும். அடுப்பிலிருந்து நேராக மேசைக்கு வரும் சூப் எழுபது டிகிரிக்கு மேலும் இருக்கும். அதிலும் சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கிய சூப், வெறும் வெந்நீர்போல வழிந்து ஓடிவிடாது. தோலிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு, தன் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயம் கடிதத்துக்கு மிக முக்கியம். சூட்டுக்காயத்தின் ஆழம் முதல் நாளிலேயே முழுதாகத் தெரிவதில்லை. வெறும் சிவப்பாகத் தெரிந்த இடம் மறுநாள் கொப்புளமாகலாம். இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் காயம் எவ்வளவு ஆழம் என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டு வாரத்துக்குள் ஆறும் புண் பெரும்பாலும் தழும்பின்றி ஆறும். மூன்று வாரத்தையும் தாண்டினால் தழும்பு விழும் வாய்ப்பு அதிகம். மூட்டின் மேல் தழும்பு விழுந்தால், குழந்தை வளர வளரத் தோல் இழுத்துப் பிடிக்கும். அதனால் முதல் நாள் கடிதத்தில் “சிறு காயம்” என்றோ, “விரைவில் குணமாகும்” என்றோ எழுதுவதற்கு ஓட்டல்காரருக்கு எந்த அடிப்படையும் கிடையாது. மூன்றாம் நாள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால், அந்த ஒரு வரியே கடிதத்தில் உள்ள மற்ற நல்ல வரிகளையும் பொய்யாக்கிவிடும்.

முதல் இருபது நிமிடத்தில் ஓட்டலில் என்ன செய்தார்கள் என்பதும் கடிதத்தில் வர வேண்டிய செய்திதான். சூடு பட்டவுடன் செய்ய வேண்டியது எளிது. நனைந்த துணியையும் வளையல், கயிறு போன்றவற்றையும் உடனே கழற்ற வேண்டும். தோலில் ஒட்டிக்கொண்ட துணியைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் காயத்தை இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது. பற்பசை, பேனா மை, மாவு, வெண்ணெய் எதுவும் கூடாது. உடம்பின் மற்ற பகுதி குளிர்ந்துபோகாமல் குழந்தையைப் போர்த்தி வைத்து, பிறகு சுத்தமான துணியால் காயத்தை மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டல் சமையலறையில் குழாய் இல்லாமல் இல்லை. ஆனால் பதற்றத்தில் ஒருவர் ஐஸ் கட்டிக்கும், ஒருவர் பற்பசைக்கும் ஓடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்படி நடந்திருந்தால் அதையும் ஒப்புக்கொள்வதே நேர்மை.

மன்னிப்பில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் லெவிக்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மன்னிப்பை ஆறு பகுதிகளாகப் பிரித்தது: வருத்தம் சொல்வது, நடந்ததை விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனி நடக்காது என்று உறுதி கூறுவது, ஈடுசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. படித்தவர்கள் மனதில் அதிகம் பதிந்தது பொறுப்பை ஏற்றதுதான். அடுத்தது ஈடுசெய்ய முன்வந்தது. “எங்களை மன்னித்துவிடுங்கள்” என்று கேட்பதே ஆறில் மிகக் குறைந்த பலன் தந்தது. நம் ஓட்டல் கடிதங்களில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது. வருத்தமும் வேண்டுகோளும் பக்கம் நிறைய இருக்கும். பொறுப்பு ஒரு வரிகூட இருக்காது.

பொறுப்பை எழுத ஏன் தயங்குகிறார்கள்? பயம்தான். “தவறு எங்களுடையது என்று எழுதிக்கொடுத்தால் நாளைக்கு அதையே கோர்ட்டில் காட்டுவார்கள்” என்று கணக்குப்பிள்ளையிலிருந்து வக்கீல்வரை எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பல ஓட்டல்கள் எடுத்து வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில், நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்ற நிபந்தனை இருப்பது சாதாரணம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே சில நாடுகள் தனிச் சட்டம் போட்டிருக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006-ல் மன்னிப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அங்கே மன்னிப்புக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. காப்பீடும் அதனால் ரத்தாகாது. ஹாங்காங்கில் இதே போன்ற சட்டம் 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே இங்கே ஓட்டல் முதலாளி செய்ய வேண்டியது, அன்று இரவே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்வது, கடிதத்தின் நகலைக் காட்டிச் சம்மதம் வாங்குவது, அது தாமதமானால் மருத்துவச் செலவைச் சொந்தப் பணத்திலிருந்து ஏற்பது. நூறு பேர் முன்னிலையில் கேமராவுக்குக் கீழே நடந்த ஒரு விஷயத்தை எழுத்தில் மறைப்பதால் எந்த வழக்கும் தப்பிவிடப் போவதில்லை. வேலை நேரத்தில் ஊழியர் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது கடிதம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சட்டத்தில் இருப்பதுதான்.

பொறுப்பை ஏற்க மறுத்ததன் விலைக்கு உலகமே அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1992-ல் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் ஸ்டெல்லா லீபெக் என்ற 79 வயது மூதாட்டி, மெக்டொனால்ட்ஸ் கடையில் காரில் இருந்தபடியே காபி வாங்கினார். வண்டி நின்றிருந்தபோது மூடியைத் திறக்கையில் காபி மடியில் கொட்டியது. அந்தக் காபியை 82 முதல் 88 டிகிரிவரை சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. மூதாட்டி எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். தோல் ஒட்டுச் சிகிச்சை நடந்தது. அவர் முதலில் கேட்டது ஏறக்குறைய 20,000 டாலர். நிறுவனம் தருவதாகச் சொன்னது 800 டாலர். வழக்கு நடந்தபோது, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இதே காபியால் சுட்டதாக எழுநூறுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தது வெளியே வந்தது. 1994-ல் நடுவர் குழு அவர் பங்குத் தவறாக இருபது சதவீதத்தைக் கழித்த பிறகும் 1,60,000 டாலர் இழப்பீடும், தண்டனையாக 27 லட்சம் டாலரும் விதித்தது. நீதிபதி தண்டனைத் தொகையை 4,80,000 டாலராகக் குறைத்தார். பிறகு இரு தரப்பும் வெளியே சொல்லாத ஒரு தொகைக்கு உடன்பட்டன. மருத்துவச் செலவைத் தந்து, காபியின் சூட்டைக் குறைத்திருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கக்கூடிய விஷயம் அது.

சரி, அந்தச் சனிக்கிழமை இரவுக்கு எப்படி எழுதலாம்? கடிதத்துக்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும். முதலாளியே பேச வேண்டும். “சார், பாப்பா ராத்திரி தூங்கினாளா? டாக்டர் என்ன சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டு, சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அன்று மாலைக்குள், இருபத்து நான்கு மணி நேரம் தாண்டாமல், தாளில் கையெழுத்திட்ட கடிதம் வீட்டுக்குப் போக வேண்டும். இதோ ஒரு மாதிரி:

“மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நேற்று சனிக்கிழமை இரவு சுமார் 8.40 மணிக்கு எங்கள் ஓட்டலில் எங்கள் ஊழியர் உங்கள் மகளின் இடது தோளிலும் கையிலும் சூடான சூப்பைக் கொட்டிவிட்டார். குழந்தையின் தலைக்கு மேலாக ட்ரேயைக் கொண்டுபோனது எங்கள் தவறு. பேபி சேரை நடைவழியில் போட்டுக் கொடுத்ததும் நாங்கள்தான். இதில் உங்கள் மீதோ குழந்தை மீதோ எந்தக் குறையும் இல்லை.

குழந்தை பட்ட வலிக்கும் நீங்கள் பட்ட வேதனைக்கும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். சுட்டவுடன் கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டாமல் எங்கள் ஆட்கள் ஐஸ் வைத்ததும் தவறு. அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது என் தவறு.

இதுவரை ஆன மருத்துவச் செலவையும், இனி கட்டு மாற்றவும் மருந்துக்கும் போய்வரவும் ஆகும் செலவையும் நாங்கள் தருகிறோம். எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்பது உங்கள் விருப்பம். பில்லைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், மூன்று நாளுக்குள் பணம் வந்துவிடும். இதற்காக எந்தத் தாளிலும் உங்களிடம் கையெழுத்துக் கேட்க மாட்டோம். புண் எப்படி ஆறும் என்பது இன்று தெரியாது என்பதால், எங்கள் பொறுப்பு இந்த வாரத்தோடு முடிந்துவிடாது என்பதையும் அறிவேன்.

நேற்றைய கேமரா பதிவை அழியாமல் எடுத்து வைத்திருக்கிறோம். நீங்கள் கேட்டால் நகல் தருகிறோம். என்ன நடந்தது, எதை மாற்றினோம் என்பதைப் பத்து நாளுக்குள் மீண்டும் எழுதுகிறேன்.

இந்த விஷயமாக நீங்கள் வேறு யாரையும் தேட வேண்டாம். கீழே உள்ளது என் சொந்த எண். நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உரிமையாளர்”

உண்மைக் கடிதத்தில் “உங்கள் மகள்” என்று வரும் இடத்தில் குழந்தையின் பெயரை எழுத வேண்டும். பெயரைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

இந்தக் கடிதத்தின் கனம் முதல் பத்தியில்தான் இருக்கிறது. “சூப் சிந்திவிட்டது” என்று எழுதியிருந்தால் சூப் தானாகவே சிந்தியதாகிவிடும். இங்கே செய்தது யார் என்று தெரிகிறது. நேரம், இடம், காயம் பட்ட பகுதி எல்லாம் இருக்கின்றன. மருத்துவரிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ பெற்றோர் காட்ட வேண்டி வந்தால் இந்தப் பத்தியே போதும். “குழந்தை எழுந்து நின்றது” என்பது உண்மையாகவே இருந்தாலும் கடிதத்தில் அதற்கு இடமில்லை. நான்கு வயதுக் குழந்தை எழுந்து நிற்கும். அதை எதிர்பார்த்துப் பரிமாறுவதுதான் ஓட்டலின் வேலை.

இலவச உணவு கடிதத்தில் எங்கும் இல்லை என்பதையும் கவனிக்கலாம். அன்றைய சாப்பாட்டுக்குப் பணம் வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். பரிசுக் கூடை, பொம்மை போன்றவற்றைக் கடிதத்தோடு அனுப்புவதும் நல்லதல்ல. செலவை ஏற்பது கடமை. அதன்மேல் பரிசை வைத்தால் வாயடைக்கத் தந்ததுபோலத் தோன்றும். குழந்தைக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால், “உன் கை மேல சூப் கொட்டினது எங்க தப்பு, உன் தப்பு இல்ல பாப்பா” என்று தனித்தாளில் இரண்டு வரி எழுதலாம். அம்மா அதைப் படித்துக் காட்டுவார். தான் எழுந்ததால்தான் இப்படி ஆனது என்று குழந்தைகள் மனதில் வைத்துக்கொள்வது உண்டு.

ஊழியரைப் பற்றி ஒரு வார்த்தை. “அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டோம்” என்று எழுதினால் பெற்றோர் மகிழ்வார்கள் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். பெரும்பாலான பெற்றோர் அதைக் கேட்டுச் சங்கடப்படவே செய்வார்கள். அதைவிடப் பெரிய கோளாறு, ட்ரே ஏன் குழந்தையின் தலைக்கு மேலே போனது என்ற கேள்வியை அந்த ஒரு வரி மூடிவிடுகிறது. சீனாவின் ஹைடிலாவ் என்ற ஓட்டல் நிறுவனத்தின் பெய்ஜிங் கிளைகளின் சமையலறையில் எலிகள் ஓடியதை 2017 ஆகஸ்டில் ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தியது. அன்றே நிறுவனம், செய்தியில் உள்ளது உண்மை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அந்தக் கிளைகளின் ஊழியர்கள் பதற வேண்டாம், பொறுப்பு நிர்வாகக் குழுவுடையது என்றும் வெளிப்படையாக எழுதியது. குற்றம் பெரிதுதான். ஆனாலும் பழியைக் கீழே தள்ளாமல் மேலே ஏற்றுக்கொண்டதை மக்கள் கவனித்தார்கள்.

பத்து நாள் கழித்துப் போக வேண்டிய இரண்டாம் கடிதத்தைத்தான் ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் முதல் கடிதம் நம்பத்தக்கதா என்பதை முடிவு செய்வது இதுதான். “ஊழியர்களுக்குத் தகுந்த அறிவுரை வழங்கப்பட்டது” என்று எழுதினால் அது எதையும் சொல்லவில்லை. கேமரா பதிவைப் பார்த்தால் காரணங்கள் வரிசையாகத் தெரியும். கிண்ணங்கள் விளிம்புவரை நிரப்பப்பட்டிருந்தன. ட்ரேயை இறக்கி வைக்கப் பக்கத்தில் ஸ்டாண்ட் இல்லை, அதனால் ஒரு கையில் ட்ரேயும் மறு கையில் கிண்ணமும் இருந்தன. சர்வர் காலையிலிருந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்தவர். பேபி சேர் சுவரோரம் இல்லை, வழியில் இருந்தது.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்றத்தை எழுதலாம். பேபி சேர் இனி சுவரோரம் மட்டும். சூப் கிண்ணம் முக்கால் அளவுதான் நிரப்பப்படும். சூடான எதுவும் குழந்தை இல்லாத பக்கத்திலிருந்து, “சூடு வருது சார்” என்று சொல்லிய பிறகே வைக்கப்படும். குழந்தைக்குத் தனிக் கிண்ணத்தில் ஆறவைத்த சூப். சூட்டுக்காயத்துக்கு இருபது நிமிடத் தண்ணீர் என்ற அறிவிப்பு சமையலறைக் குழாயின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. பெற்றோர் என்றாவது எட்டிப் பார்த்தால் கண்ணால் சரிபார்க்கக்கூடியவை இவை. சரிபார்க்க முடியாத உறுதிமொழியை எழுதாமல் விடுவதே மேல்.

கடைசியாக, கடிதம் பெறும் பெற்றோருக்கு. அன்றைய சாப்பாட்டு பில்லையும், மருத்துவச் சீட்டுகளையும், காயத்தை நாள்தோறும் எடுத்த படங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கடிதத்தை வாங்கிக்கொள்வதாலோ மருத்துவச் செலவைப் பெற்றுக்கொள்வதாலோ உங்கள் உரிமை எதுவும் போய்விடாது. ஆனால் “முழுமையான, இறுதியான தீர்வு” என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் போய்விடக்கூடும். தழும்பு விழுமா, மேல் சிகிச்சை வேண்டுமா என்று மருத்துவர் சொல்லும்வரை அப்படிப்பட்ட தாளில் கையெழுத்திடாதீர்கள். பணம் கொடுத்தவர் அப்பாவாக இருந்தாலும், அந்தச் சேவையைப் பெற்ற குழந்தையும் நுகர்வோர்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய, சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.